அட்வான்ஸ் டாக்ஸ் அட்டவணை: டிசம்பர் தவணை போட்டால் மீதம் மைனஸில் போகிறது, எங்கே தப்பு?

நெய்தல்_கணக்கு:
2025-26 நிதியாண்டுக்கான அட்வான்ஸ் டாக்ஸை எக்செல்லில் போட்டுப் பார்க்கிறேன். டிடிஎஸ் கழித்தபின் முதலில் மதிப்பிட்ட வரி 1,80,000. ஆடிட்டர் சொன்னபடி ஜூன் 16 அன்று 27,000, செப்டம்பர் 12 அன்று 54,000 கட்டினேன். நவம்பரில் புது ஆலோசனை வேலை ஒன்று வந்ததால் மதிப்பீடு 2,40,000 ஆகிவிட்டது. டிசம்பர் 15-க்கு 75% என்பதால் `=B1*75%` போட்டேன். 1,80,000 கட்டச் சொல்கிறது. ஏற்கெனவே கட்டிய 81,000-ஐயும் இதையும் கழித்தால் மீதம் -21,000 வருகிறது. வரியைவிட அதிகமாகக் கட்டச் சொல்லுமா? இன்னொன்று, ஜூன் வரிசையில் "கட்டியது" 0 என்று காட்டுகிறது. தேதி, தொகை இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன.

அரைப்படி:
15, 45, 75, 100 எல்லாம் கூட்டிக்கொண்டே போகும் சதவீதம் சார். தனித்தனியாக எடுத்தால் 15, 30, 30, 25. அதனால் டிசம்பருக்கு 30% மட்டும், அதாவது 72,000 கட்டினால் முடிந்தது. மார்ச்சில் 90% தொட்டாலே போதும், வட்டி வராது.

தேனடை:
நான் மார்ச்சில் மொத்தமாக ஒரே தடவை கட்டிவிடுகிறேன். இந்த ஜூன், செப்டம்பர் கணக்கெல்லாம் எதற்கு?

ஏரிக்கரை_ஆடிட்:
தேனடை, நீங்கள் 44ஏடி அல்லது 44ஏடிஏ-வில் அனுமான வருமானம் காட்டுபவராக இருந்தால் அது சரி. அவர்களுக்கு மார்ச் 15-க்குள் முழுத்தொகை என்ற ஒரே தவணைதான். கேட்டவர் அப்படிக் காட்டுவதாகச் சொல்லவில்லை, அவருக்கு நான்கு தேதியும் உண்டு.

அரைப்படி சொன்னதில் முதல் பாதி சரி. மதிப்பீடு வருடம் முழுக்க மாறாமல் இருந்தால் மட்டும் 30% என்று எடுக்கலாம். இவருக்கு மாறிவிட்டது. 72,000 கட்டினால் மொத்தம் 1,53,000 ஆகும். 2,40,000-இல் அது 63.75% மட்டுமே. 27,000 குறையும். அந்தக் குறைவுக்கு 234சி-யில் மாதம் 1% வீதம் 3 மாதத்துக்கு 810 ரூபாய் வட்டி.

ஆகவே எப்போதும் இப்படிக் கேளுங்கள்: இன்றைய மதிப்பீட்டில் இந்தத் தேதிக்குள் மொத்தம் எவ்வளவு போயிருக்க வேண்டும், அதில் இதுவரை எவ்வளவு போயிருக்கிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தத் தவணை. 1,80,000-இல் 81,000 போக 99,000. அதைக் கட்டிய பிறகு வருட மீதம் 60,000. உங்கள் மைனஸ் வந்தது 75%-ஐ இந்தத் தவணையின் தொகையாகவே எடுத்ததால். நான்கு சதவீதத்தையும் கூட்டினால் 235 வரும். அட்டவணையில் இந்தக் கூட்டல் எங்காவது எட்டிப் பார்த்தால் இதே பிழைதான்.

B1-இல் இருப்பது செஸ் சேர்த்த வரியிலிருந்து டிடிஎஸ் கழித்த தொகையாக இருக்கட்டும். முழு வரிக்குச் சதவீதம் போட்டுவிட்டுக் கடைசியில் டிடிஎஸ்-ஐக் கழித்தால் தவணைத் தொகைகள் மாறிவிடும்.

A-யில் தவணைத் தேதி, B-யில் சதவீதம், G-யில் சலான் தேதி, H-இல் சலான் தொகை என்று வைத்து, 4-ஆம் வரிசையிலிருந்து C, D, E-க்கு முறையே:

```
=SUMIFS(H:H,G:G,"<="&A4)
=MAX(0,$B$1*B4-C4)
=MAX(0,$B$1-C4-D4)
```

C இதுவரை போனது, D இப்போது கட்ட வேண்டியது, E வருட மீதம். டிசம்பர் சலானைப் பதியும்வரை மார்ச் வரிசையில் D 1,59,000 என்று நிற்கும். பயப்பட வேண்டாம், 99,000-ஐப் பதிந்ததும் 60,000 ஆகிவிடும்.

நெய்தல்_கணக்கு:
99,000 வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஜூன் வரிசையில் C இன்னும் 0 தான்.

ஏரிக்கரை_ஆடிட்:
உங்கள் சலான் ஜூன் 16. A4-இல் ஜூன் 15 இருப்பதால் சூத்திரம் அதை எடுக்காது. 2025 ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை. கடைசித் தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் கட்டியதற்கு வட்டி இல்லை என்று 1994-லேயே 676-ஆம் எண் சுற்றறிக்கை இருக்கிறது. A4-இல் 16-06-2025 என்று மாற்றுங்கள், 27,000 வந்து உட்காரும். 2026 மார்ச் 15-ம் ஞாயிறுதான். அதற்காக 16 வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டால் இந்தச் சுற்றறிக்கையைக் காட்டிப் பேசும் நிலையே வராது.

அரைப்படி:
சரி, 72,000 என் தப்பு. ஆனால் 99,000 கட்டிவிட்டால் ஜூன், செப்டம்பர் குறைவும் சரியாகிவிடும்தானே? அந்த 90%?

ஏரிக்கரை_ஆடிட்:
சரியாகாது. 234சி-யைக் கடைசியில் ரிட்டர்னில் காட்டும் வருமானத்தின் வரியை வைத்துத்தான் போடுவார்கள், ஜூனில் நாம் நினைத்த வரியை வைத்து அல்ல. 2,40,000-க்கு ஜூனில் கட்டிய 27,000 என்பது 11.25%. 12% இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனதும் 15%-இலிருந்து குறைவை எண்ணுவார்கள்: 36,000-இல் 9,000 குறைவு, வட்டி 270. செப்டம்பருக்கு விடுவது 36%, உங்களுடையது 33.75%. 45% என்பது 1,08,000, குறைவு 27,000, வட்டி 810. ஆக 1,080 ரூபாய். அதை இப்போது தவணையோடு சேர்க்க வேண்டியதில்லை, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்தச் சலுகை கிடையாது, முழு 75, முழு 100.

90% என்பது 234பி-க்கான அளவு. மார்ச் 31-க்குள் 90% போயிருந்தால் ஏப்ரலிலிருந்து ஓடும் மாத வட்டி இல்லை, அவ்வளவுதான். மார்ச் 15-இல் 100% இல்லையென்றால் குறைந்த தொகைக்கு 234சி-யில் 1% ஒரு மாதத்துக்கு வரும்.

தேனடை:
எனக்குப் பங்கு விற்ற லாபம் ஜனவரியில் வரலாம். அதற்கும் ஜூனிலிருந்தே வட்டியா?

ஏரிக்கரை_ஆடிட்:
இல்லை. மூலதன ஆதாயத்தை முன்கூட்டி மதிப்பிட முடியாது என்பதால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் லாபம் வந்த பிறகு மீதமிருக்கும் தவணைகளில் அதன் வரியைக் கட்டியிருக்க வேண்டும். நெய்தலுக்கு வந்தது தொழில் வருமானம், இந்த விலக்கு பொருந்தாது.

நெய்தல், கட்டும்போது `Advance Tax (100)` என்பதையும் மதிப்பீட்டாண்டு `2026-27` என்பதையும் பாருங்கள். `Self Assessment Tax (300)`-ஐத் தவறித் தொட்டால் தவணையில் சேராமல் நிற்கும்.

நெய்தல்_கணக்கு:
ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். அந்தப் புது வேலைக்கு 30,000 டிடிஎஸ் பிடிப்பார்கள் என்று கழித்துத்தான் 2,40,000 போட்டேன். பணம் முழுசாக வந்துவிட்டது, 26ஏஎஸ்-இல் எதுவும் இல்லை.

ஏரிக்கரை_ஆடிட்:
அப்படியானால் 99,000-ஐ இன்னும் கட்டாதீர்கள். பிடிக்க வேண்டியது என்பதற்காக, பிடிக்காமல் முழுத்தொகையைக் கொடுத்திருக்கும்போது அந்த டிடிஎஸ்-ஐ அட்வான்ஸ் டாக்ஸில் கழிக்க முடியாது. பிடிக்கவே இல்லை என்றால் B1 2,70,000. டிசம்பர் 15-க்குள் 2,02,500 போயிருக்க வேண்டும், இப்போது கட்ட வேண்டியது 1,21,500. 26ஏஎஸ்-இல் காலாண்டு டிடிஎஸ் அறிக்கை போட்ட பிறகுதான் தெரியும். ஆகவே அதில் இல்லை என்பதைவிட, பணம் முழுசாக வந்தது என்பதுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. இன்வாய்ஸ் தொகையும் வங்கியில் வந்த தொகையும் ஒன்றுதானா? ஜிஎஸ்டி சேர்ந்து வந்ததா?

நெய்தல்_கணக்கு:
ஜிஎஸ்டி சேர்த்துத்தான் இன்வாய்ஸ். வங்கிக் கணக்கில் வந்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கணக்குப் பிரிவிலும் கேட்டுவிட்டு வருகிறேன்.