ஒரே வரத்துக்கால், இரண்டு செய்தி: டீக்கடைப் பேச்சும் பேப்பரும் குறித்து உங்கள் அனுபவம் என்ன?

புதுவயல் பக்கம்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஊருணிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற பனைகள் புதுக்கோட்டை மாவட்டம். மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் வரத்துக்கால் வழியாக எங்களுக்கு வரும். போன ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் ஊருணியில் முழங்கால் அளவுகூட ஏறவில்லை.

டீக்கடையில் ஒரு மாதம் இதே பேச்சுதான். காலை ஆறு மணிக்குப் பேப்பர் வரும். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே கருத்துச் சொல்வார்கள். ஒருநாள் வட்டாரப் பக்கத்தில் 'வறண்டு கிடக்கும் ஊருணி: தூர்வாரப் பொதுமக்கள் கோரிக்கை' என்று எங்கள் ஊர்ப் பெயரோடு வந்தது. "பேப்பர்லயே போட்டுட்டான், தூர்வாராததுதான் காரணம்" என்று கடையில் முடிவாகிவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டார்கள், தூர்வார வசூலும் தொடங்கியது. நானும் இரண்டாயிரம் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே கடையில் நாலு வடை பொட்டலம் கட்டி வாங்கினேன். வீட்டில் வந்து பிரித்தால், தாள் அதே பத்திரிகையின் திருச்சிப் பதிப்பு. எங்களுக்கு வருவது மதுரைப் பதிப்பு. எண்ணெய்க் கறைக்கு நடுவே 'புதிய மண் பாதை: பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று ஏழு வரி. பாதை போட்ட இடத்தின் பெயரைப் பார்த்ததும் வடையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வரத்துக்கால் போகிற இடம் அது. கால்வாயை மூடித்தான் பாதை போட்டிருக்கிறார்கள்.

அங்கே மகிழ்ந்த பொதுமக்களுக்கு இங்கே கோரிக்கை வைத்த பொதுமக்களைத் தெரியாது, எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

பழைய நிருபர்

அண்ணே, அந்த மாதிரி ஏழு வரிகளை நான் நிறைய எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பகுதி நேர நிருபர். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விளம்பரம் பிடித்தால் கமிஷன். தினம் செய்தி அனுப்பியாக வேண்டும் என்பதால் காலையில் மூன்று டீக்கடை ஏறி இறங்குவேன். அங்கே நாலு பேர் பேசினதுதான் என் 'பொதுமக்கள்'. மறுநாள் அதே நாலு பேர் அதை வாசித்து, "பார்த்தியா, நாம சொன்னதையே பேப்பர்காரனும் சொல்றான்" என்பார்கள். அவர்கள் வாயிலிருந்து போனதுதான் அச்சேறி வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்காது. நானும் சொன்னதில்லை.

அப்புறம் பதிப்பு விஷயம். மாவட்டச் செய்தி அந்தந்தப் பதிப்பில் மட்டும்தான் போகும். உங்கள் ஊருணி மதுரைக்குப் போனது, அவர்கள் பாதை திருச்சிக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு மேசை கிடையாது.

இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்றைத் தேடுங்கள்: யார் சொன்னது என்று ஒரு பெயர், அதிகாரி தரப்பு பதில், இடத்தின் புல எண். மூன்றும் இல்லாவிட்டால் அது டீக்கடைப் பேச்சு. பேச்சு பொய் என்று சொல்லவில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்கிறேன்.

கோட்டையூர் வாசகன்

இதைத்தான் ஜெர்மன் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் 1962-லேயே சொல்லிவிட்டார். டீக்கடையில் பணக்காரன் ஏழை எல்லாரும் சமமாக உட்கார்ந்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதுதான் பொதுவெளி. பேப்பரும் வாட்ஸ்அப்பும் வந்துதான் அது கெட்டது.

காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, பாதி சரி. அவர் எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காபிக் கடைகளைப் பற்றி. பத்திரிகை அங்கே எதிரியும் இல்லை, கடைக்குள் அதை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். பத்திரிகை பெரிய வியாபாரமான பிறகு வந்த சரிவுதான் அவருடைய குறை.

நம்மூரிலும் பேப்பரும் டீக்கடையும் சேர்ந்தே வளர்ந்தவை. 1942-இல் மதுரையில் தினத்தந்தி தொடங்கியபோது ஆதித்தனார் எளிய பேச்சுத் தமிழை வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் பெஞ்சில் வாசித்துக் காட்ட முடிந்தது. அதற்கும் முன்னால் இதே காரைக்குடியிலிருந்து 'குமரன்', 'ஊழியன்' என்று பத்திரிகைகள் வந்தன. புதுமைப்பித்தன் ஊழியனில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். எழுதியவரை வீதியில் மறித்துக் கேட்கலாம். இப்போது மதுரையில் பக்கம் கட்டுகிறவரை யார் மறிப்பது?

'எல்லாரும் சமமாக உட்கார்ந்து' என்பதை மட்டும் மறுபடி யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் இருந்து

எங்கள் வளவு வீட்டு ஓடு சரிந்து கிடப்பதாகக் குழுவில் மூன்று முறை போட்டேன். ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. ஊருணி வசூலுக்கு மட்டும் உடனே போன் வருகிறது. பத்தாயிரம் அனுப்பினேன். குழுவில் கணக்கு கேட்டதும் 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று மாற்றிவிட்டார்கள். இதற்குப் பெயர் விவாதமா?

புதுவயல் பக்கம்

அண்ணே, எங்கள் குழுவிலும் அதே கதைதான். முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஊரில் இருப்பவர்கள் அறுபது பேர் வந்தால் பெரிது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள். நான் வடைத் தாளைப் படம் பிடித்துப் போட்டதற்கு வந்த முதல் பதில்: "வசூல் நடக்கும்போது குழப்பாதீர்கள்."

அரிமளம் பொண்ணு

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது சிவகங்கைப் பக்கம். இரண்டு ஊர் டீக்கடையிலும் ஒருநாள்கூட உட்கார்ந்து டீ குடித்ததில்லை. தூக்கில் வாங்கிக்கொண்டு வருவதோடு சரி. எங்கள் பேச்சு ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலையிலும்தான்.

போன வருடம் ஒரு வரத்துக்காலைச் சுத்தம் பண்ணப் போனோம். நீங்கள் சொல்கிற கால்தானா தெரியாது. ஒரு இடத்துக்கு மேல் மண்வெட்டி இறங்கவில்லை. செங்கல் தூளும் கப்பியும் கொட்டி மிதித்திருந்தது. "அக்கா, இதுக்கு மேல தண்ணி எப்படி வரும்?" என்று பதினைந்து பேரும் பேசிக்கொண்டோம். பணித்தளப் பொறுப்பாளரிடமும் சொன்னோம். அவர் அளவு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை. நிருபர் ஐயா, நீங்கள் ஏறின மூன்று கடையில் எங்கள் வரிசை ஒன்றாவது உண்டா?

பழைய நிருபர்

இல்லைம்மா.

தேவகோட்டை ரஸ்தா

ஆசிரியர் ஐயா சொன்ன 'சமம்' பற்றி. என் அப்பா காலத்தில் எங்கள் தெருவுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். 1955-லேயே சட்டப்படி குற்றம், ஆனால் அவர் கடைசிவரை வெளியே நின்றுதான் பேப்பர் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளே வாசிப்பதில் பாதிதான் காதில் விழும், மீதியை வீட்டில் வந்து தானாக இட்டுக்கட்டிச் சொல்வார். சில நாள் பேப்பரை விட அது நன்றாகவே இருக்கும்.

இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப், அந்தப் பிரச்சினை போய்விட்டது என்கிறார்கள். பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள் என்று கப்பைப் பார்த்தால் தெரியாது. எங்கள் ஊர்க் குழு கோயில் வரிப் பட்டியலை வைத்துத் தொடங்கியது. எங்கள் தெரு வரிப் பட்டியலில் இல்லை, அதனால் குழுவிலும் இல்லை. ஊருணியில் தண்ணீர் இல்லையென்றால் எங்கள் ஆடுதான் முதலில் காயும்.

கோட்டையூர் வாசகன்

அப்படியானால் கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26-க்குத் தீர்மானம் போட்டால் முடிந்தது.

தேவகோட்டை ரஸ்தா

அடைப்பு இருப்பது வேறு ஊராட்சி, வேறு மாவட்டம். இவர்கள் சபையில் போடும் தீர்மானம் அங்கே வெறும் கடிதம்தான் தம்பி. அந்தப் பாதை அவர்களுக்கும் தேவையாக இருக்கலாம்.

காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தீர்மானம் பதிவேட்டில் ஏறும், நகல் கேட்டு வாங்கலாம். வெறும் கடிதம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆனால் புல எண் இல்லாமல் எழுதினால் பயனில்லை. புலப்படத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

புதுவயல் பக்கம்

நேற்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எங்கள் பக்கத்துப் படம் மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. எல்லைக்கல்லோடு கோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அந்த ஊர் அலுவலரைப் பார்க்க வேண்டும் என்றார். வசூல் இன்னும் நடக்கிறது, ஜேசிபிக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா, மண்வெட்டி இறங்காத அந்த இடத்தைக் காட்ட முடியுமா?

அரிமளம் பொண்ணு

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், கருவேல முள் கிடக்கிறது.