கலைச்சொல்: ஸ்கிராப்பர் மேட், வைப்பர் மேட்

பொன்னி எழுதியது:

வணக்கம். கட்டடப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் போடும் கால்மிதிகளைப் பற்றி அதில் ஒரு பக்கம் வருகிறது. செருப்படியில் ஒட்டிய சேற்றைப் பெயர்த்தெடுப்பது ஸ்கிராப்பர் மேட், ஈரத்தை வாங்கிக்கொள்வது வைப்பர் மேட். நான் சுலபமாக 'நார்மிதி', 'நைலான்மிதி' என்று போட்டுவிட்டேன். மூன்றாவதாக வரும் ரப்பர் வகைக்கு 'ரப்பர்மிதி'. 'மிதியடி' என்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன், பழைய வழக்கில் அது காலில் போடுகிற பாதுகை. இந்த மூன்றும் சரிப்படுமா?

ரஹீம் எழுதியது:

சரிப்படும். ரப்பருக்கு மட்டும் 'வழுக்காமிதி' என்று வைக்கலாமே? ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும், தண்ணீரையும் குடிக்காது. மழைக்கு அதைவிட நல்ல மிதி கிடையாது.

முருகையா எழுதியது:

பொன்னி, பொருளை வைத்துப் பெயரிட்டால் கையேடு பொய் சொல்லும். பல வருடம் கட்டடத் துப்புரவு வேலையில் மிதிகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

நைலானையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகை மயிர்போலத் தடித்த இழையில் செய்தது சேற்றைச் சுரண்டும். மெல்லிய இழையை நெருக்கமாக நட்டுச் செய்தது ஈரத்தை ஒற்றி எடுக்கும். இரண்டும் நைலான்தான், ஆனால் வேலை வேறு. தென்னை நார் விறைப்பாக இருப்பதால் காய்ந்த சேற்றைப் பிரமாதமாகப் பெயர்க்கும். நனைந்துவிட்டால் நார் நீர் குடித்துத் துவண்டுபோகும். அப்போது களிமண்ணைப் பெயர்க்காமல் பூசிக்கொள்ளும், அடுத்து வருகிறவர் காலில் அதையே அப்பிவிடும். ஓட்டை போட்ட ரப்பர் மிதி சுரண்டுவதைவிட விழவிடுவதைத்தான் நன்றாகச் செய்கிறது. மண்ணும் நீரும் ஓட்டை வழியே கீழே இறங்கிவிடும். மிதியைத் தூக்கிக் கூட்டாவிட்டால் சில நாளில் ஓட்டை தூர்ந்து சேறு மேலே வந்து நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை: சுரண்டுமிதி, ஒற்றுமிதி, சல்லடைமிதி.

ரஹீம், ரப்பரைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. காய்ந்த, தூசியில்லாத தரையில் அது கவ்வும். வழவழப்பான ஓட்டுத்தரையில் அடியில் நீர் புகுந்து படலமாக நின்றுவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அடியில் மணல் சேர்ந்தாலும் அப்படித்தான். மேற்பக்கம் வரியோ ஓட்டையோ இல்லாத தட்டையான ரப்பராக இருந்தால் ஈரச் செருப்புக்கு அதுவே சறுக்குமரம்.

சிவனேசன் எழுதியது:

எங்கட பக்கம் தேங்காய் மட்டையில இருந்து எடுக்கிற நாரைத் தும்பு எண்டுதான் சொல்லுவம். 'தும்புமிதி' கேட்க வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் முருகையா அண்ணை சொல்லுறபடி பார்த்தால் பொருளின்ர பேரையே விடவேணும் போல.

சுரண்டுமிதி, ஒற்றுமிதி ரெண்டும் வினைத்தொகை, பின்னால வாறதும் வல்லினம் இல்லை, அதால இடையில ஒற்று மிகாது. ஒற்றுமிதியில ஒற்று மிகாது எண்டு எழுதவே சிரிப்பு வருது. ஒரேயொரு உறுத்தல்: 'சுரண்டல்' எண்டால் இப்ப ஆளை ஆள் சுரண்டுறதுதான் முதல்ல ஞாபகம் வரும். 'வழித்தல்' நல்ல வினை, ஆனால் வழிமிதி எண்டால் வழியில கிடக்கிற மிதி ஆகிப்போகும். 'உரசுமிதி' எண்டால் என்ன?

தேன்மொழி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எந்த மிதி வாங்கலாம் என்றுதானே பேசுகிறீர்கள்? என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மழையில் எங்கள் வாசலில் கிடந்தது தென்னை நார் மிதி, அடியில் கறுப்பாக ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. அன்று மாலை அத்தை அதில் கால் வைத்ததும் மிதி அப்படியே ஒரு முழம் முன்னால் போய்விட்டது. நல்லவேளை கதவைப் பிடித்துக்கொண்டார். தூக்கிப் பார்த்தால் தரையில் மிதி கிடந்த அளவுக்கு ஈரத்தடம், ஒரே புழுங்கல் வாடை. மேலே காய்ந்த மிதி கீழே எப்படி ஈரமாக இருந்தது?

முருகையா எழுதியது:

தேன்மொழி, நாங்கள் சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், ஆனால் உங்கள் கேள்வி அதைவிட முக்கியமான இடத்தில் கை வைக்கிறது.

உங்கள் மிதியில் நாரின் கீழ்நுனி பிளாஸ்டிக் படலத்தில் புதைந்திருக்கும். நீர் கீழே இறங்க வழியில்லை, மேலே ஆவியாகத்தான் வேண்டும். நுனி வெயிலில் காய்ந்துவிடும், வேர்ப்பகுதி ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். தரையில் நீங்கள் பார்த்த தடம் மேலிருந்து வந்ததல்ல. மழை நீர் விளிம்பு வழியாக அடியில் புகுந்து, படலத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அதற்குக் காற்றே படாது. அத்தையின் கால் பட்டதும் மிதி அந்த நீரின் மேல் ஓடிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க மேலே தொட்டுப் பார்ப்பது பயன்படாது. நாரை விரலால் பிளந்து அடிவேரைத் தொடுங்கள். ஒரு மூலையைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பிறகு பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலால் மிதியைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் தரையையும் மிதியின் அடியையும் துடைத்துக் காயவைக்காமல் திரும்பப் போடாதீர்கள். காயவைக்கும்போது படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்திவையுங்கள். படலம் இல்லாமல் முடைந்த நார் மிதியாக இருந்தால் நிறுத்தினால் இரு பக்கமும் காற்று வாங்கிச் சீக்கிரம் காயும்.

நைலான் இழை தன் உடம்புக்குள் குடிக்கும் நீர் கொஞ்சம்தான். மீதி இழைகளுக்கு இடையில்தான் தங்கும், உதறினால் ஓரளவு போய்விடும். ஆனால் அதற்கும் கீழே ரப்பர் படலம் ஒட்டியிருந்தால் அடியில் நடப்பது உங்கள் வீட்டில் நடந்ததேதான். காய்வது, நகர்வது இரண்டையும் மேலே இருக்கிற பொருளைவிட அடியில் இருப்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

பொன்னி எழுதியது:

அப்படியானால் மிதியின் அடியில் இருப்பதைக் குறிக்க கையேட்டில் வருகிற, நான் கவனிக்காமல் தாண்டிவந்த 'பேக்கிங்' என்ற சொல்லுக்குத்தான் முதலில் தமிழ் வேண்டும்! 'பின்புறம்' என்று எழுதியிருந்தேன். தரையில் கிடக்கிற பொருளுக்குப் பின்புறம் ஏது?

இன்னொன்றும் தெளிவானது. மூலத்தில் எல்லாவற்றுக்கும் 'ஸ்லிப்' என்ற ஒரே சொல்தான். தமிழில் மிதியின் மேல் கால் வழுக்குகிறது, தரைமேல் மிதி நழுவுகிறது. இரண்டையும் பிரித்தே எழுதப்போகிறேன். தட்டை ரப்பருக்கு 'ஈரத்தில் வழுக்கும்', தேன்மொழி வீட்டு மிதிக்கு 'அடியில் நீர் நின்றால் நழுவும்'.

ரஹீம் எழுதியது:

வழுக்காமிதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 'நழுவாமிதி' என்று கேட்டால் முருகையா ஐயா அடிக்க வருவார். பேக்கிங்குக்கு 'அடிப்படலம்'?

சிவனேசன் எழுதியது:

அடிப்படலம் பூச்சுக்குப் பொருந்தும். தனியாய்த் துணி வைச்சுத் தைச்சதும் இருக்குதே, அது படலம் இல்லை. 'அடித்தை' எண்டு புதுசாய் ஒண்டு யோசிச்சன், எனக்கே பிடிக்கேல்ல.

முருகையா எழுதியது:

வேலையாட்கள் 'முதுகு' என்பார்கள். "முதுகு காய்ந்ததா பார்" என்றால் எல்லோருக்கும் புரியும். கையேட்டில் ஏற்பார்களா தெரியாது.

பொன்னி எழுதியது:

சுரண்டுமிதி, ஒற்றுமிதி, சல்லடைமிதி மூன்றையும் வரைவில் சேர்த்துவிட்டேன். உரசுமிதியில் சேறு பெயர்கிற பொருள் வரவில்லை, அதனால் விட்டேன். 'முதுகு', 'அடிப்படலம்' இரண்டையும் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

மிதியை நிறுத்திவைத்து இரண்டு நாள் ஆகிறது. வேர் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. வாடையும் போகவில்லை.