பொருள்: பிவட் பாயிண்ட்டுக்குத் தமிழ், சனிக்கிழமைக்குள் வேண்டும்

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். பங்குச்சந்தை வகுப்புக்கான கையேட்டை அச்சுக்குக் கொடுக்கணும், ஒரு சொல் மட்டும் இடிக்குது. நாள்வணிகத்தில் பிவட் பாயிண்ட் போடுகிறோமே, அதுக்குத் தமிழில் என்ன? நேற்று உச்ச விலை 108, தாழ்ந்த விலை 100, முடிவு விலை 107 என்றால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 105 வருது. அதை இரட்டித்து 100ஐக் கழித்தால் மேலே முதல் தடை 110, 108ஐக் கழித்தால் கீழே முதல் தாங்கல் 102. தடை, தாங்கல் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. இன்றைய விலைப்படத்தில் 105இல் போடும் கோட்டுக்கு இப்போதைக்குத் "திருப்புமுனை" என்று எழுதியிருக்கிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டீச்சர், சொல் நம் விஞ்ஞானப் பாடநூலிலேயே இருக்கிறது. நெம்புகோலில் சுமை, எத்தனம், பொறுதி என்று படித்தோமே, அந்தப் பொறுதிதான். பொறு என்பது வேர். பாரம் பொறுப்பதும் பிழை பொறுப்பதும் அதுவே. பொறையுடைமை அதிகாரத்தை வள்ளுவர் "அகழ்வாரைத் தாங்கும் நிலம்" என்று தொடங்குகிறார். உங்கள் தாங்கலும் அங்கேயே வந்துவிட்டது. பொறை என்றால் மலை, அதனால்தான் சேரன் பொறையன். மலைநாட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

நுவரெலியா, தரகு நிறுவன ஊழியர்:
சேர், 105 எதையும் பொறுத்து நிற்கவில்லையே, அது வெறும் சராசரி. "திருப்புமுனை" இன்னும் ஆபத்து. விலை அங்கே திரும்பும் என்று பெயரே வாக்குக் கொடுத்துவிடுது, திரும்புதா என்றுதானே நாம் சோதிக்கணும்? நான் முதலில் எல்லையை எழுதி வைத்துக்கொள்வேன். கோட்டுக்கு 20 சதத்துக்குள் வந்தால் தொட்டது. அதன்பின் கோட்டைத் தாண்டி 50 சதம் போகுமுன், வந்த பக்கமே 50 சதம் விலகினால் திரும்பியது. பல நாட்களுக்கு இப்படி எண்ணிய பிறகு, அதே நாட்களுக்குக் கோட்டை இஷ்டத்துக்கு 70 சதம் மேலே, 105 என்றால் 105.70க்கு, நகர்த்தி, அந்தப் பொய்க்கோட்டிலும் இதே கணக்கைப் பார்ப்பேன். அங்கேயும் அதே அளவு திரும்பினால் உண்மைக் கோட்டுக்குத் தனி மதிப்பில்லை. கைமாறல் குறைந்த பங்கென்றால் இன்னும் கவனம் வேணும். வியாபாரமே இல்லாமல் விலை நின்றதை, கோடு பிடித்து நிறுத்தியதாக எண்ணிவிடுவோம். என் யோசனை: நடுமட்டம்.

பண்டாரவளை தம்பி:
அண்ணே, நேத்துத் தங்கம் கோட்டைத் தொட்டதும் அப்படியே திரும்பிச்சு, அப்ப வேலை செய்யுதுதானே? ஆனா என் ஆப்ல ஒரு எண், கூட்டாளி ஆப்ல வேற எண். எது சரி?

நுவரெலியா:
ஒரு நாளை வைத்து முடிவு சொல்ல முடியாது தம்பி. தங்கம் இரவு பகலாக ஓடுது. ஒரு ஆப் நியூயோர்க்கின் மாலை 5 மணியோடு நாளை முடிக்கும், இன்னொன்று வேறு நேரத்தில் முடிக்கும். முடிவு விலை மாறினால் எல்லாக் கோடும் நகரும். கொழும்பில் பிற்பகல் 2.30க்குச் சந்தை மூடிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஆப்பிலும் நாள் எப்போது முடியுது என்று முதலில் பாருங்க.

பதுளை:
நடுமட்டம் பிழை. 108க்கும் 100க்கும் நடு 104. முடிவு விலை உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் 105க்கு ஏறியது. அந்தச் சாய்வை உங்கள் சொல் மறைக்கிறது.

ஹட்டன் டீச்சர்:
சேர் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் பொறுதி என்றால் பிள்ளைகள் பொறுமை என்று எடுக்கிறார்கள், வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "திருப்புமுனை"யை வெட்டிவிட்டேன். எனக்குத் தனியாக எழுதியவர்களில் கூடுதலானோர் மையமட்டம் போதும் என்கிறார்கள், அதையே போடுகிறேன். 104, 105 வித்தியாசத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.

பதுளை:
மையமும் நடுவும் ஒன்றுதானே டீச்சர்! போடுங்கள், தடுக்கவில்லை. நான் பொறுதி என்றே எழுதுவேன்.