கையுறையில் 4X42-க்கு அப்புறம் B-யா, D-யா?

தகடுமணி:
பொதுப் பெட்டியில் கிடந்த கையுறை, உள்ளங்கையில் கறுப்புப் பூச்சு. கூட வந்த தாள் எதுவும் இல்லை. புறங்கையில் கேடயத்துக்குள் சுத்தியல் படம், மேலே கையுறைத் தரநிலை EN 388:2016, கீழே 4X42. கடைசி எழுத்து தேய்ந்துவிட்டது, போட்டோவைப் பெரிதாக்கினாலும் B-யா D-யா என்று பிடிபடவில்லை. 1 மி.மீ. எஃகுத் தகடு தூக்கி அடுக்கும் வேலைக்கு இதைப் போடலாமா?

உளி:
இரண்டாவது இடம்தான் வெட்டுக்கு. அங்கே X இருந்தால் சோதனையில் தோற்றுவிட்டது. தூக்கிப் போடுங்கள்.

பழைய ஃபோர்மேன்:
இடம் சரி, X தோல்வி இல்லை. தோற்றிருந்தால் 0 போட்டிருப்பார்கள்; X என்றால் அந்தச் சோதனை செய்யவில்லை. அதில் ஒரு வட்டக் கத்தி துணிமேல் முன்னும் பின்னும் உருளும். கண்ணாடி இழையோ எஃகு இழையோ கலந்திருந்தால் கத்தியே மழுங்கிவிடும், வரும் மதிப்பை நம்ப முடியாது. அதற்காகத்தான் 2016 பதிப்பில் கடைசியில் ஒரு எழுத்து சேர்ந்தது. நேர் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து, அறுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். B-க்கு 5 நியூட்டன், D-க்கு 15. மூன்று மடங்கு வித்தியாசம், ஊகிக்கிற விஷயமில்லை.

ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மறுபடி எடுங்கள். மையின் மேட்டால் நிழல் விழும். B என்றால் நடுவில் குறுக்குக்கோடு தெரியணும். மணிக்கட்டுப் பட்டையின் உள்பக்கம் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிடங்குக்காரன்:
என் ஷூவில் S1P என்று இருக்கிறது. கையுறையிலும் கடைசியில் P பார்த்திருக்கிறேன். இரண்டும் ஆணி குத்தாமல் காக்கும்தானே?

பழைய ஃபோர்மேன்:
இல்லை. ஷூவில்தான் அது அடிப்பாகத்தில் ஆணி ஏறாமல் இருக்க. கையுறையில் P என்றால் அடி விழும்போது தாங்கும் என்று அர்த்தம்.

தகடுமணி:
லேபிளை யாரோ வெட்டிவிட்டார்கள். சாய்வு வெளிச்சத்தில் இடது கையில் நடுக்கோடு மாதிரி ஏதோ தெரிகிறது. வலது கையில் அந்த இடமே மழுமழு. மாடல் எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கம் இல்லை. CE பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் இல்லை, போலியோ?

பழைய ஃபோர்மேன்:
எண் இல்லாததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது, இந்த வகைக் கையுறைக்கு அது பெரும்பாலும் இருக்காது. மாடல் எண் முழுசாக இருந்தால் தயாரிப்பாளரிடம் இணக்கச் சான்று கேட்கலாம், இதில் அந்த வழி அடைபட்டுவிட்டது. B என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 நியூட்டன் என்பது ஏறக்குறைய அரைக் கிலோ எடை. கையில் தகடு நழுவினால் அதைவிட அதிகமாகவே அழுத்தும். தகட்டு வேலைக்கு நான் இதைக் கொடுக்கமாட்டேன். அப்புறம், அந்த மதிப்பு புதுக் கையுறையின் உள்ளங்கைக்கு. எழுத்தே இவ்வளவு தேய்ந்திருந்தால் பூச்சையும் பாருங்கள்.

உளி:
என்னிடம் 2003 பதிப்பு, வெறும் 4543. வெட்டு 5 என்றால் எந்த எழுத்துக்குச் சமம்?

பழைய ஃபோர்மேன்:
சமன் கிடையாது. சோதனையே வேறு.

உளி:
கடையில் ‘5 என்றால் E’ என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறார்களே?