சிந்தெற்றிக் கொன்ட்ரோல்: தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரா, வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். சிகரெட் வரி பற்றிய கொள்கைக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு சட்டம் வந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று மதிப்பிடுகிற 'சிந்தெற்றிக் கொன்ட்ரோல்' முறை அதில் வருகிறது. அகராதியைப் பார்த்து 'செயற்கைக் கட்டுப்பாட்டு முறை' என்று போட்டேன். அதனால் ஒரு வசனம் இப்படி வந்துவிட்டது: "கலிபோர்னியாவின் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆராய்வதற்குச் செயற்கைக் கட்டுப்பாடு பயன்படுத்தப்பட்டது." பிழை திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்: "ஒன்று உண்மையான கட்டுப்பாடு, மற்றது போலிக் கட்டுப்பாடா? சிகரெட்டைக் குறைத்தது எது?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. எனக்கு நல்ல சொல் ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது.

குலசிங்கம், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, 'செயற்கை' என்றால் நம் சனம் பிளாஸ்டிக் பூவைத்தான் நினைக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படித்தது ஒளித்தொகுப்பு. இந்தியாவில் ஒளிச்சேர்க்கை என்பார்கள். ஆக, சிந்தெசிஸ் என்பதற்கு நம்மிடம் 'தொகுப்பு' இருக்கிறது. 'தொகுப்புக் கட்டுப்பாடு' என்று வைத்தால் முடிந்தது. முறையும் எளிதுதானே. மற்ற மாநிலங்களை எடுத்து, சனத்தொகைக்கு ஏற்ப நிறை கொடுத்து, சராசரி பார்த்துக் கலிபோர்னியாவோடு ஒப்பிடுகிறார்கள். முப்பது வருடம் மொழிபெயர்த்தவன் சொல்கிறேன், சொல்லைப் பெரிதாக்காதீர்கள்.

நிரோஷன், தெஹிவளை

ஐயா, 'தொகுப்பு' நல்ல சொல்தான். ஆனால் நிறை சனத்தொகையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. பெயர் வைப்பதற்கு இந்த இடம்தான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறியது 99ஆம் முன்மொழிவு. 1989 ஜனவரியிலிருந்து ஒரு பக்கெற் சிகரெட்டுக்கு 25 சதம் கூடுதல் வரி. அபாடி, டயமண்ட், ஹைன்முல்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு கேட்பது இதைத்தான்: அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் கலிபோர்னியாவில் எவ்வளவு சிகரெட் விற்றிருக்கும்? வரிக்கு முன்பே அங்கே விற்பனை குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே 1988க்கும் 2000க்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

சரி, மற்ற மாநிலங்களின் சராசரியோடு ஒப்பிடலாமா? 1988இல் கலிபோர்னியாவில் ஆளுக்கு ஏறத்தாழ 90 பக்கெற். ஆய்வுக்கு எடுத்த மற்ற 38 மாநிலங்களின் சராசரி 114. தொடக்கத்திலேயே இரண்டும் வேறு வேறு உயரத்தில் நிற்கின்றன. பிறகு வரும் இடைவெளிக்கு என்ன பொருள் சொல்வது?

அதனால் 1970 முதல் 1988 வரையான காலத்தை மட்டும் எடுத்து, அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் கோட்டோடு ஒட்டிப் போகிற ஒரு கலவையைத் தேடினார்கள். கணக்கு யூட்டாவுக்கு 0.334, நெவாடாவுக்கு 0.234, மொன்டானாவுக்கு 0.199, கொலராடோவுக்கு 0.164, கனெக்டிகட்டுக்கு 0.069 கொடுத்தது. கூட்டினால் 1. மற்ற 33 மாநிலங்களுக்கும் பூச்சியம். சனத்தொகைதான் அளவு என்றால், அப்போது பத்து இலட்சம் பேர்கூட இல்லாத மொன்டானா கனெக்டிகட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நிறை வாங்கியிருக்குமா?

இந்தக் கலவை 1988இல் காட்டுவது 91.6 பக்கெற், கலிபோர்னியாவின் 90க்குப் பக்கத்தில். 1989க்குப் பிறகு இரண்டு கோடுகளும் பிரிகின்றன. 2000ஆம் ஆண்டில் உண்மையான கலிபோர்னியா, கலவையை விட ஆளுக்கு ஏறத்தாழ 26 பக்கெற் கீழே.

யூட்டா மோர்மன் மதத்தவரின் மாநிலம், அமெரிக்காவிலேயே மிகக் குறைவாகப் புகைப்பது. நெவாடா சூதாட்ட விடுதிகளின் மாநிலம், சிகரெட் தாராளமாக விற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கலிபோர்னியா மாதிரியே இல்லை. கலந்தால்தான் அந்தச் சாயல் வருகிறது. பெயர் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ரிஸ்வான், மருதானை

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பொருளியல் தெரியாது, தேயிலை தெரியும். நிரோஷன் தம்பி சொன்னதைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம்.

வெளிநாட்டு வாங்குநரிடம் ஒரு 'ஸ்டாண்டர்ட்' இருக்கும், அவர் பத்து வருடமாக விற்கிற ருசி. அந்தத் தோட்டத்துத் தேயிலை இந்த வாரம் ஏலத்துக்கு வரவில்லை என்று வையுங்கள். மேசையில் ஸ்டாண்டர்ட் கோப்பையை நடுவில் வைத்து, பக்கத்தில் ஊவா, திம்புள, ருகுண என்று கோப்பைகளை வரிசையாக வைப்போம். ருகுண தனியே குடித்தால் கடுப்பு, நிறம் கறுப்பு. ஊவா தனியே என்றால் வாசம் மூக்கைத் துளைக்கும். இதில் அறுபது, அதில் முப்பது, இன்னொன்றில் பத்து என்று தராசில் நிறுத்துக் கலந்து பார்த்தால், ஸ்டாண்டர்ட் எது, கலவை எது என்று நாக்குக்குத் தெரியாது. முப்பது வகை மாதிரி மேசையில் இருந்தாலும் கலவைக்குள் போவது நாலோ ஐந்தோதான்.

கலந்தது செயற்கைத் தேயிலை இல்லை, எல்லாமே அசல் கொழுந்து. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கலவை, அவ்வளவுதான்.

நிரோஷன்

ரிஸ்வான் நானா, இந்த உதாரணத்தை இனி எங்கே போனாலும் சொல்வேன். இன்னும் ஒன்று கேட்கிறேன்: மேசையில் உள்ள எல்லாக் கோப்பையையும் விட ஸ்டாண்டர்ட் கடுப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ரிஸ்வான்

ஒன்றும் செய்ய ஏலாது. மெல்லியதையும் மெல்லியதையும் கலந்து கடுப்பானது எடுக்க வராது. ஓர்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். தெரியாதவன் எப்படியோ கலந்து அனுப்பிப் பெயரைக் கெடுத்துக்கொள்வான்.

நிரோஷன்

அதேதான். நிறை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது, எல்லாம் சேர்ந்து ஒன்றாக வேண்டும் என்று இந்த முறை கட்டிப்போடுவது அதற்காகத்தான். சட்டத்துக்கு முந்தைய வருடங்களில் நியூ ஹாம்ஷயரில் தலைக்கு விற்பனை மற்ற எல்லா மாநிலத்தையும் விட அதிகமாக இருந்தது. அதற்கு எந்தக் கலவையும் பொருந்தாது. சட்டத்துக்கு முந்தைய வருடங்களில் இரண்டு கோடுகளும் ஒட்டவில்லை என்றால், பிந்தைய இடைவெளியைப் பற்றிப் பேசவே கூடாது. ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தின் இடது பாதியை.

ஜெயந்தி, கொழும்பு 13

தலைப்பை விட்டு விலகுகிறேனோ தெரியாது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, அதன் பாதிப்பை இந்த முறையில் கணக்கிடலாமா? நம்மிடம் ஒன்பது மாகாணம் இருக்கிறது. வட மத்திய மாகாணத்தை எடுத்து, மற்ற எட்டையும் கலந்து ஒரு வட மத்திய மாகாணம் செய்தால் சரிதானே? என் அண்ணாவுக்கு அங்கே வயல், அந்தப் பெரும்போகத்தில் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

நிரோஷன்

அக்கா, தடை ஒன்பது மாகாணத்துக்கும் ஒரே நாளில் வந்தது. கலவைக்குள் போடுகிற எட்டும் அதே அடி வாங்கியவை. அண்ணாவின் வயலுக்கும் கலவைக்கும் இடைவெளி சின்னதாகத்தான் வரும், அதைப் பார்த்துத் தடையால் நட்டமில்லை என்று யாரும் எழுதிவிடலாம். கலிபோர்னியா ஆய்விலும் இதனால்தான் மாசசூசெட்ஸ், அரிசோனா, ஒரேகன், புளோரிடா ஆகியவற்றை முதலிலேயே நீக்கினார்கள்; அவையும் பெரிய புகையிலைத் திட்டம் கொண்டுவந்தவை. அந்தக் காலத்தில் வரியைப் பெரிதாக ஏற்றிய மாநிலங்களையும் எடுத்துவிட்டார்கள். அப்படிக் கழித்துத்தான் 38 மிஞ்சியது.

உரத்தடைக்கு வெளிநாடுகளைத்தான் கலக்க வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு. 2021 நவம்பரில் தடை தளர்ந்தது, அடுத்த வருடமே டொலரும் இல்லை, டீசலும் இல்லை. இடைவெளியில் உரத்துக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு என்று இந்த முறை பிரித்துச் சொல்லாது.

மதுரா

இதில் இன்னொரு சொல் இடறுகிறது. அந்த 38 மாநிலங்களை ஆங்கிலத்தில் 'டோனர் பூல்' என்கிறார்கள். 'கொடையாளர் தொகுதி' என்று எழுதினேன். கொழும்பில் அதைப் படிப்பவருக்கு உதவி வழங்கும் நாடுகள்தான் நினைவுக்கு வரும். சிகரெட் ஆய்வுக்கு யூட்டா காசு கொடுத்ததாக ஆகிவிடும்!

குலசிங்கம்

ஹா! அதை 'ஒப்பீட்டுத் திரள்' என்று சொல்லுங்கள். கொடை, தானம் எல்லாம் வேண்டாம். சனத்தொகை விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். 'கட்டுப்பாடு' என்ற சொல்லையும் விட்டுவிடுகிறேன். பரிசோதனைக்கூடத்தில் அது பொருந்தும், கொள்கைக் குறிப்பில் விலைக் கட்டுப்பாடு மாதிரித்தான் கேட்கும். ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அலகு, ஆகவே 'ஒப்பலகு'. முழுப்பெயர் 'தொகுப்பு ஒப்பலகு முறை'.

ரிஸ்வான்

ஐயா, தொகுப்பு என்றால் கதைத் தொகுப்பு, பாட்டுத் தொகுப்பு போல. ஒன்றன் பக்கத்தில் ஒன்றை அடுக்குவது. கலந்தால்தானே ஒன்றாகும்?

நிரோஷன்

என் வாக்கும் 'கலவை ஒப்பலகு' என்பதற்கே. வெயிற்றுக்கு 'நிறை' இருக்கட்டும். சென்னை வாசகர் 'எடை' என்பார், சூழலில் புரிந்துகொள்வார்.

பிளசீபோ சோதனைக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. 38 மாநிலங்களிலும் ஒவ்வொன்றாக, 1989இல் சட்டம் வந்தது அங்கேதான் என்று பாவனை செய்து, அதற்கும் ஒரு கலவை செய்து பார்க்கிறார்கள். உண்மைக் கோட்டுக்கும் கலவைக்கும் உள்ள பிசகின் வர்க்கச் சராசரி, சட்டத்துக்குப் பின் முன்னதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டால், கலிபோர்னியாவுக்கு ஏறத்தாழ 130. மொத்தம் 39 மாநிலங்களில் அதுதான் முதலிடம். குருட்டு வாக்கில் முதலிடம் விழ வாய்ப்பு 39இல் 1, அதாவது 0.026. 'போலிச் சோதனை' என்றால் சோதனையே போலி என்றாகிறது.

மதுரா

'பாவனைச் சோதனை' என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே?

குலசிங்கம்

இங்கே 'பாவனை' என்றால் உபயோகம் என்றும் பொருள். 'சிகரெட் பாவனை' என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பீர்கள், பாருங்கள்.

மதுரா

எழுதியிருக்கிறேன், ஐயா. மூன்று இடத்தில்.

சரி, இந்தக் குறிப்பில் 'கலவை ஒப்பலகு முறை', 'ஒப்பீட்டுத் திரள்', 'நிறை' மூன்றையும் போடுகிறேன். பிளசீபோவை அப்படியே தமிழ் எழுத்தில் விடுகிறேன். நிரோஷன், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கலிபோர்னியாக்காரர் எல்லை தாண்டி நெவாடாவில் மலிவாக வாங்கியிருந்தால்?

நிரோஷன்

அப்படி வாங்கியிருந்தால் இங்கே குறையும், அங்கே கூடும். நெவாடா கலவையில் கால்வாசி, ஆகவே இடைவெளி உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். கையில் இருப்பது விற்பனைக் கணக்கு. எத்தனை பேர் புகைத்தார்கள் என்ற கணக்கு இல்லை. நெவாடாவை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். குறிப்பில் அதற்கு ஒரு வசனம் ஒதுக்குங்கள்.

குலசிங்கம்

நான் இன்னமும் 'தொகுப்பு' பக்கம்தான் என்று பதிந்துகொள்ளுங்கள். ரிஸ்வான், அந்தக் கலவையில் கால் கிலோ கிடைக்குமா?