தலையை உயர்த்துவதா, தலைமாட்டை உயர்த்துவதா?

கடலூர், மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். எதுக்களிப்பு தொண்டை வரை ஏறிக் குரலைக் கெடுக்கும் நோய் குறித்த துண்டறிக்கை ஒன்றைத் திருத்தி வருகிறேன். அதன் முதற்பதிப்பில் "தலையை உயர்த்திப் படுக்கவும்" என்று நான்தான் எழுதினேன். அதைப் படித்த மஞ்சக்குப்பத்து ஆசிரியை ஒருவர், மூன்று தலையணைகளை அடுக்கி இரண்டு மாதம் படுத்திருக்கிறார். காலைக் கரகரப்பு குறையவில்லை, கழுத்துவலிதான் மிச்சம். பிழை என் சொல்லில் இருந்தது. ஆகவே 'தலைமாட்டு உயர்த்தம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'தலைமாடு' பேச்சுவழக்காயிற்றே, ஐயா. 'படுக்கைத் தலையுயர்வு' எனலாம். நோய்க்கு 'அமிலப் பின்னேற்றம்' என்பதே பொருந்தும். புளிப்பு மேலே வருவதுதானே எல்லாம்?

கடலூர், காது மூக்கு தொண்டைப் பிரிவுச் செவிலியர்:

ஐயா, அமிலம் மட்டுமன்று. இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் உடன் ஏறிவந்து குரல்வளையை அரிக்கிறது. நெஞ்செரிச்சலோ புளிப்போ இல்லாமல், ஓயாத தொண்டைச் செருமலும் ஏதோ அடைத்திருக்கும் உணர்வுமாக வருபவர்கள் பலர். எனவே 'அமில' என்ற அடை வேண்டாம்.

'தலைமாடு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் அது கட்டிலைக் குறிக்கிறது, தலையை அன்று. தலையணைகளை அடுக்கினால் உடல் இடுப்பருகே மடிந்து வயிறு அழுந்துமே தவிர, உணவுக்குழாய் சரிவாக அமையாது. தலைப்பக்கக் கால்கள் இரண்டின் கீழும் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டைகளை வைத்தால் உடல் முழுவதும் ஒரே சரிவில் கிடக்கும். செங்கல் நழுவக்கூடும், கால் பதியும் அளவு குழி வெட்டிய மரக்கட்டை நல்லது.

அந்த ஆசிரியை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?

கடலூர், மொழிபெயர்ப்பாளர்:

தனிவகுப்பு முடித்து ஒன்பதரைக்கு உண்டு, பத்துக்குப் படுத்துவிடுவார், அம்மா. இப்போது ஏழு மணிக்கே, வகுப்பின் இடைவேளையில், இட்லி உண்கிறார். கட்டிலின் கீழ்க் கட்டைகளும் வைத்தாயிற்று. ஆறு வாரம் கழித்துக் காலைக் குரல் தெளிந்திருக்கிறது. பகற்செருமல் மட்டும் இன்னும் போகவில்லை.

கடலூர், செவிலியர்:

அது வியப்பன்று. தொண்டை வரை ஏறுவது பலருக்குப் பகலில், நிமிர்ந்திருக்கும்போதே நிகழ்கிறது. அங்கே கட்டிலால் பயனில்லை. அதையும் துண்டறிக்கையில் எழுதுங்கள். குரல் கரகரப்பு நான்கு வாரம் தாண்டினாலோ, விழுங்கக் கடினமானாலோ குரல்வளையை மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரவுணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணிநேர இடைவெளி வேண்டும்; அதற்கு 'முன்னிரவுணவு' என்று நீங்கள் சொல்லாக்கினால், மணியைப் பார்த்து உண்டுவிட்டு உடனே படுப்பவர்களும் இருப்பார்கள். 'படுக்கைமுன் இடைவெளி' என்பதே என் பரிந்துரை.

நெல்லிக்குப்பம், வாசகர்:

எனக்கும் இதே தொல்லைதான், ஆனால் நான் பாயில் படுப்பவன். தலைமாட்டில் எதை உயர்த்துவது?

கடலூர், மொழிபெயர்ப்பாளர்:

இடுப்புக்கு மேல் உடலைத் தாங்கும் சரிவான பஞ்சணைகள் கிடைக்கின்றன, ஐயா. பாயின்மேலும் அதை இடலாம். 'சரிவணை' என எழுத எண்ணுகிறேன். 'தலைமாட்டு உயர்த்தம்' அதையும் உள்ளடக்குமா, அதற்குத் தனிச்சொல்லே வேண்டுமா என்று சொல்லுங்கள்.