நாணலா, ஆற்றுப்பாலையா? தலைப்புக்கு உதவி தேவை

வணக்கம். கென்னத் கிரகாம் 1908இல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' நாவலைச் சிறுவர்களுக்காக மொழிபெயர்த்து முடித்திருக்கிறேன். தலைப்புதான் தடுக்கிறது.

வில்லோவின் இனத்து மரம் நம் ஆற்றங்கரைகளிலும் உண்டு, ஆற்றுப்பாலை என்பார்கள். ஆனால் 'ஆற்றுப்பாலையில் காற்று' என்றால் பிள்ளைகள் பாலைவனத்தை நினைப்பார்கள். அதன் இன்னொரு பெயரான 'வஞ்சி' என்றாலோ பெண் என்றே கொள்வார்கள். கிரகாம் முதலில் வைத்த தலைப்பில் இருந்தது நாணல்தான். யேட்ஸின் கவிதை நூலுக்கு அதையொத்த பெயர் இருந்ததால் பிறகு மாற்றப்பட்டது. ஆகவே 'நாணலில் காற்று' மூலத்துக்குத் துரோகமாகாது என்று நினைக்கிறேன். பதிப்பாளர் கதையில் வரும் தேரையை முன்வைத்து 'தேரையாரின் தில்லுமுல்லுகள்' என்கிறார். அது விற்கும். ஆனால் அகழெலியும் நீரெலியும் ஆற்றங்கரையில் கொள்ளும் நட்பு அதில் காணாமல் போகிறது.

ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு 'டுல்சே டோமும்', லத்தீன். பனிக்கால இரவில் பழைய வளையின் வாசனை மூக்கில் பட்டதும் அகழெலி தேம்பி அழும் இடம் அது. 'இனிய இல்லம்' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டுமனை விளம்பரம் போலிருக்கிறது. 'வீட்டு வாசனை' பொருந்துமா?

கடைசித் தலைப்பு 'யுலிசஸின் திரும்புகை'. நெடுங்காலம் அலைந்து வீடு திரும்பிய கிரேக்கக் காவிய வீரன் யுலிசஸை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. இராமனைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. கதை இங்கிலாந்தில் நடக்கிறது. 'மாளிகை மீட்பு' என்றால் முடிவு பொருளடக்கத்திலேயே தெரிந்துவிடும். 'வீடு திரும்பும் வீரன்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தத் தலைப்புகளை வாசித்துக் காட்டி, எதைக் கேட்டதும் கதை கேட்கத் தோன்றுகிறது என்று எழுதுவீர்களா?